58 மதிப்பெண் வாங்கிய கணித ஆசிரியர்: ஒரு பணி மதிப்பீட்டை மறுபடி பிரித்துப் பார்த்த கதை

பின்னணி

இது ஒரு நடுத்தர அளவிலான பள்ளியில் நடந்தது. அங்கே 42 ஆசிரியர்கள் இருந்தார்கள். எட்டாம் வகுப்பு கணிதத்துக்கு இரண்டு பிரிவு, இரண்டு ஆசிரியர்கள். 'அ' பிரிவு எடுப்பவர் அங்கே பல வருடமாக இருப்பவர். 'ஆ' பிரிவு எடுப்பவர் ஒப்பந்தத்தில் சேர்ந்து மூன்றாவது ஆண்டில் இருந்தார். ஆண்டு மதிப்பீட்டில் 60-க்குக் கீழே வந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பது பள்ளியின் விதி. அவருக்கு வந்தது 58.

மதிப்பீட்டுப் படிவம் 100 மதிப்பெண்ணுக்கு. மாணவர் தேர்ச்சிக்கு 40, வகுப்பு மேலாண்மைக்கு 30, சக ஆசிரியர்களோடு ஒத்துழைப்புக்கு 20, வருகை, பதிவேடு போன்றவற்றுக்கு 10. 'ஆ' பிரிவு ஆசிரியர் முறையே 22, 16, 11, 9 வாங்கியிருந்தார். 'அ' பிரிவு ஆசிரியருக்கு 34, 26, 17, 8, மொத்தம் 85.

படிவத்தை நிரப்பியவர் துணைத் தலைமை ஆசிரியர். ஒரே ஒரு முறை, சுமார் 20 நிமிடம், வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அன்று மாலையே நான்கு பகுதிக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டுவிட்டார். குறிப்புப் பகுதியில் இருந்தவை மூன்று வரிகள்: "வகுப்பில் சத்தம் அதிகம், கட்டுப்பாடு போதாது. இணைப் பிரிவை விடச் சராசரி 14 மதிப்பெண் குறைவு. கூட்டங்களில் எதிர்த்துப் பேசுகிறார், மாற்று பீரியட் எடுக்க மறுக்கிறார்."

ஆசிரியர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். தலைமை ஆசிரியர், அந்தப் பள்ளியிலேயே மூத்த ஆசிரியர் ஒருவர், வெளியிலிருந்து நான் என்று மூன்று பேர் மறுபரிசீலனைக்கு உட்கார்ந்தோம். படிவத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் உறுத்தியது எண்கள் இல்லை, அவை எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்த விதம். 1920-ல் தார்ன்டைக் என்ற உளவியலாளர் இதைக் கவனித்து எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களின் அறிவு, உடற்கட்டு, தலைமைப் பண்பு, குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டபோது, ஒன்றோடு ஒன்று ஒட்டவே காரணமில்லாத அந்த மதிப்பெண்கள் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. ஆளைப் பற்றிய ஒட்டுமொத்த அபிப்பிராயம் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் புகுந்துவிடுகிறது. இங்கேயும் அந்த 20 நிமிடச் சத்தம்தான் எல்லாக் கட்டத்திலும் கேட்டுக்கொண்டிருந்ததோ என்று சந்தேகப்பட்டோம்.

அதனால் முதலில் எடுத்த முடிவு, வருகை, பதிவேட்டுப் பகுதியை விட்டு, மற்ற மூன்று பகுதிகளையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆதாரத்தை வைத்துப் பார்ப்பது. ஒன்றை முடித்து எழுதி வைத்த பிறகே அடுத்ததைத் தொடுவது.

தேர்ச்சி: சராசரி சொன்னதும் சொல்லாததும்

இணைப் பிரிவின் சராசரி 68, இவருடைய பிரிவின் சராசரி 54. 14 மதிப்பெண் வித்தியாசம் உண்மைதான். ஆனால் போன ஆண்டு இறுதித் தேர்வில் இதே பிள்ளைகள் எங்கே நின்றார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தோம். 'அ' பிரிவுப் பிள்ளைகள் 66-ல் தொடங்கியிருந்தார்கள், 'ஆ' பிரிவு 47-ல். மதிப்பெண் பார்த்துப் பிரிக்கவில்லை என்று பள்ளி சொன்னது சரிதான். ஆனால் ஒரு விருப்பப் பாடத்தை எடுத்தவர்களை எல்லாம் கால அட்டவணை வசதிக்காக 'அ'-வில் போட்டிருந்தார்கள். அந்தப் பாடத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் முன்னணியில் இருப்பவர்கள். ஆக, யாரும் திட்டமிடாமலேயே பிரிவு பிரிந்துவிட்டது.

இதைக் கேட்டதும் மூத்த ஆசிரியர் உற்சாகமாகிவிட்டார். "அப்போ 47-லிருந்து 54. ஏழு கூடியிருக்கு. அந்தப் பக்கம் ரெண்டுதான் கூடியிருக்கு. இவங்கதான் நல்லா நடத்தியிருக்காங்க."

எனக்கு அதுவும் அவசர முடிவாகவே தெரிந்தது. அடியில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் போன தடவை ஏதோ காரணத்தால் வழக்கத்தை விடக் குறைவாக எடுத்தவர்கள். அடுத்த தேர்வில் யார் நடத்தினாலும் அவர்கள் தங்கள் இயல்பான நிலைக்குக் கொஞ்சம் ஏறுவார்கள். 90-க்கு மேல் எடுத்த பிள்ளைக்கு ஏற இடமே கிடையாது. அத்தோடு இரண்டு தேர்வும் ஒரே கடினத்தில் இருந்தன என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் 7-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசத்தை ஆசிரியர் கணக்கில் எழுதிவிட முடியாது.

நாங்கள் செய்தது இதுதான். போன ஆண்டு 45-க்கும் 65-க்கும் இடையே எடுத்த பிள்ளைகளை மட்டும் இரண்டு பிரிவிலிருந்தும் எடுத்தோம். 'ஆ'-வில் 12 பேர், 'அ'-வில் 13 பேர். ஏறத்தாழ ஒரே இடத்தில் தொடங்கியவர்கள். இந்த ஆண்டு அவர்களின் சராசரி 60, 61. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். அப்படியே இரண்டு மூன்று மதிப்பெண் வித்தியாசம் வந்திருந்தாலும் அதை வைத்து எதுவும் பேசியிருக்க முடியாது. 12 பேரில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு வந்து 60-க்குப் பதிலாக 24 எடுத்தால், அந்த ஒரு தாளே சராசரியை 3 இறக்கிவிடும்.

மாணவர் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை அளப்பது குறித்து அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான ஆய்வுகளில், தேர்வு மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று அதில் சொல்லியிருந்தார்கள். அவை ஆயிரக்கணக்கான மாணவர்களை வைத்து, பெரிய கணித மாதிரிகளோடு செய்தவை. இங்கே 35 பிள்ளைகள், ஒரே தேர்வு. அதற்குப் படிவத்தில் 40 மதிப்பெண் எடை.

சரி, அப்படியானால் தேர்ச்சியை மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிடலாமா? வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். சராசரி பயன்படவில்லை என்பதற்காக விடைத்தாள் பயன்படாது என்று ஆகிவிடாது. இரண்டு பிரிவின் தாள்களையும் வரவழைத்து, வினாவாரியாக எண்ணினோம். இங்கேதான் முதல் உருப்படியான விஷயம் கிடைத்தது.

தேர்வில் சொற்கணக்குகள் ஐந்து, மொத்தம் 25 மதிப்பெண். 'ஆ' பிரிவில் 35 பிள்ளைகள், ஆக 175 விடைகள் இருக்க வேண்டும். அவற்றில் 81 வெற்றாக இருந்தன. தவறாகப் போட்டது இல்லை, தொடவே இல்லை. 'அ' பிரிவில் 180-க்கு 49 வெற்று. மதிப்பெண் பதிவேட்டில் வெற்று விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே பூஜ்யம்தான் போகிறது. ஆனால் ஆசிரியருக்கு அவை இரண்டும் சொல்லும் சேதி வேறு. தவறாகப் போட்ட பிள்ளை எங்கேயோ வழி தவறியிருக்கிறது. வெற்றாக விட்ட பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

'ஆ' பிரிவில் பின்தங்கியவர்கள் அதிகம், அதனால்தான் என்று விட்டுவிடலாம் போல இருந்தது. அதனால் ஒரே நிலையில் தொடங்கியவர்களை மட்டும் மறுபடி எண்ணினோம். 'ஆ'-வின் 12 பேரிடம் 60-க்கு 24 வெற்று, 'அ'-வின் 13 பேரிடம் 65-க்கு 15. வித்தியாசம் நின்றது. ஆனால் இதே குழுக்களின் மொத்தச் சராசரி சமமாக இருந்ததே? காரணம், வடிவியலிலும் நேரடிக் கணக்கீட்டிலும் 'ஆ'-வின் பிள்ளைகள் முன்னே இருந்தார்கள். சராசரி இரண்டையும் கலந்து சமமாக்கி, நல்லதையும் மறைத்தது, குறையையும் மறைத்தது.

வகுப்பு மேலாண்மை: சத்தம் எப்போது, எதற்கு

மூன்று பீரியட் பார்த்தோம். ஒன்று நாள் சொல்லிவிட்டு, மற்ற இரண்டும் "இந்த வாரத்தில் வருவோம்" என்று மட்டும் சொல்லி. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் வெவ்வேறு மூலையில் உட்கார்ந்து, பேசிக்கொள்ளாமல், தனித்தனியாக எழுதினோம். இரண்டாவது ஆள் தேவையா என்று தலைமை ஆசிரியர் கேட்டார். அமெரிக்காவில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேட்ஸ் அறக்கட்டளை நிதியில் ஆசிரியத் திறனை அளப்பது பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரே ஆள் இன்னொரு வகுப்பைப் பார்ப்பதை விட, இன்னொரு ஆள் பார்ப்பது மதிப்பீட்டின் நம்பகத்தை அதிகம் கூட்டுகிறது என்று அதில் கண்டார்கள். ஆசிரியரின் வகுப்பு நாளுக்கு நாள் மாறுவது போலவே, பார்க்கிறவரின் ருசியும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

எழுதும் முறை எளிமையானது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கி வகுப்பை ஒரு சுற்று பார்த்து, நேரத்தைப் போட்டு, பெரும்பாலான பிள்ளைகள் அந்த நொடியில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி. "கட்டுப்பாடு நன்று", "ஆர்வம் குறைவு" மாதிரி தீர்ப்பு எதுவும் எழுதக்கூடாது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். தீர்ப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பீரியடின் தொடக்கம் என் தாளில் இப்படி இருக்கிறது. மணி அடித்தது. ஆசிரியர் நோட்டுக் கட்டோடு வந்தார். பெயர் கூப்பிட்டு நோட்டைத் திருப்பித் தந்தார். ஏழு பிள்ளைகள் திருத்தத்தைப் பற்றிக் கேட்க மேசையைச் சுற்றி நின்றார்கள். அதே சமயம் வகுப்புத் தலைவன் வருகைப் பதிவேட்டை நீட்டினான். உட்கார்ந்திருந்தவர்களுக்கு செய்ய எதுவும் இல்லை, பேச்சு ஏறியது. "அமைதி" என்று அவர் மூன்று முறை சொன்னார். முதல் கணக்கு தொடங்கியது பதினோராவது நிமிடத்தில். மற்ற இரண்டு பீரியடில் அது எட்டு, ஒன்பது. 40 நிமிட பீரியடில் சராசரி ஒன்பது நிமிடம் என்றால், வாரத்துக்கு ஐந்து பீரியடில் ஒரு முழு பீரியடுக்கும் மேல் போகிறது.

நடுப்பகுதியிலும் சத்தம்தான், ஆனால் அது வேறு சத்தம். நால்வர் ஐவராக எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆறு அல்லது ஏழு குழுக்கள் கணக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த குழுவில் ஒரு பெண் மற்றவனிடம், "கழிக்கிறதை அந்தப் பக்கம் கொண்டுபோனா கூட்டல்தானே, நீ ஏன் மறுபடி கழிக்கிறே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். துணைத் தலைமை ஆசிரியர் வந்த 20 நிமிடம் பீரியடின் முதல் பாதி. அவர் கேட்டது இந்த இரண்டு சத்தத்தையும் சேர்த்து.

வகுப்பு மேலாண்மை என்றால் பிள்ளைகளை அதட்டி அடக்கும் திறமை என்ற எண்ணம் ஊறிப்போன ஒன்று. ஜேக்கப் கூனின் என்பவர் வகுப்புகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து 1970-ல் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில், நன்றாக நடக்கும் வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் அதற்கு முன்னால் இருந்தது: வகுப்பு முழுவதும் என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளி இல்லாமல் மாற்றுவது போன்றவற்றில். அந்தக் கண்ணோடு பார்த்தால், இந்த ஆசிரியரின் குறை பீரியடின் முதல் ஒன்பது நிமிடத்தில் இருந்தது. அங்கே மட்டும்தான் இருந்தது.

வெற்று விடைகளுக்கான காரணமும் வகுப்பிலேயே கிடைத்தது. "ஒரு எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 7-ஐக் கழித்தால் 20. அந்த எண் என்ன?" என்று கேட்பார். கேட்ட கையோடு, அவரே பலகைக்குத் திரும்பி

3x − 7 = 20

என்று எழுதிவிடுவார். குழுக்கள் அங்கிருந்து தொடங்கி x = 9 என்று கண்டுபிடிக்கும், நன்றாகவே கண்டுபிடிக்கும். வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றும் வேலையைப் பிள்ளைகள் ஒரு தடவை கூடச் செய்ததை மூன்று பீரியடிலும் நாங்கள் பார்க்கவில்லை. தேர்வில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை.

'அ' பிரிவு ஆசிரியரின் சம்மதத்தோடு அவருடைய வகுப்பையும் ஒரு முறை பார்த்தோம். பிள்ளைகள் உள்ளே வரும்போதே பலகையில் ஒரு கணக்கு எழுதியிருந்தது. இரண்டே நிமிடத்தில் எல்லாரும் வேலையில் இருந்தார்கள். அழகான தொடக்கம். அப்புறம் அமைதி. அந்த அமைதியில், கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது ஐந்தே பிள்ளைகள். மீதி 31 பேர் புரிந்துகொண்டார்களா என்பது ஆசிரியருக்கு அன்று தெரிய வழியில்லை. 30-க்கு 26 கொடுத்த படிவம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒத்துழைப்பு: குணமா, வேலையா

இந்தப் பகுதிதான் எல்லாப் படிவங்களிலும் மிக மோசமாக எழுதப்படுவது. "ஒத்துழைப்பு: 20-க்கு 11" என்றால் என்ன பொருள் என்று துணைத் தலைமை ஆசிரியரிடமே கேட்டோம். யோசித்துவிட்டு, "கொஞ்சம் ஒட்டாத டைப்" என்றார்.

படிவத்தில் இருந்த இரண்டு குற்றச்சாட்டுகளைச் சரிபார்த்தோம். மாற்று பீரியட் பதிவேட்டின்படி அந்தப் பருவத்தில் அவர் 14 மாற்று பீரியட் எடுத்திருந்தார். கணிதத் துறையில் அதுதான் அதிகம். மறுத்தது இரண்டு. இரண்டும் நினைவில் இருந்தன, எடுத்த 14-ம் இல்லை. கூட்டத்தில் எதிர்த்துப் பேசினார் என்பது உண்மை. பாடம் முடிவதற்கு முன்பே இரண்டு பிரிவுக்கும் பொதுவான தேர்வுக்குத் தேதி வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், குறிப்பேட்டில் இருக்கிறது. அதை ஒத்துழையாமை என்று எழுதினால், அடுத்த ஆண்டு எந்த ஆசிரியரும் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார்.

அப்புறம் அவரோடு வேலை செய்யும் ஐந்து பேரிடம் ஒரே கேள்வி கேட்டோம். இந்தப் பருவத்தில் இவருடைய வேலை உங்கள் வேலைக்கு உதவிய அல்லது இடைஞ்சல் செய்த ஒரு சம்பவத்தை, தேதியோ தாளோ காட்டி எழுதுங்கள். "எத்தனை மதிப்பெண் தருவீர்கள்" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாரை யாருக்குப் பிடிக்கும் என்பதுதான் வரும்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர், பின்னங்களுக்கு இவர் தந்த பயிற்சித் தாள்களை இணைத்திருந்தார். அறிவியல் ஆசிரியர், விகிதம் பாடத்தை முன்கூட்டியே எடுக்கும்படி கேட்டதும் இவர் மாற்றிக்கொண்டதை எழுதியிருந்தார். ஒருவர் "பழகுவதற்கு எளிதானவர் அல்ல" என்று மட்டும் எழுதியிருந்தார். சம்பவம் இல்லாததால் அதை எடுத்து வைத்துவிட்டோம். இன்னும் இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: திருத்திய மதிப்பெண்களை இவர் இரண்டு முறை மூன்று நாள் தாமதமாகத் தந்ததால், வகுப்பாசிரியர்கள் முன்னேற்ற அறிக்கையை முடிக்கப் பள்ளி விட்ட பிறகும் உட்கார வேண்டியிருந்தது. மற்றவர்களின் நேரத்தைத் தின்ற நிஜமான குறை இது. படிவத்தில் இது இல்லவே இல்லை.

எடுத்த முடிவுகள்

58 என்ற எண்ணை ரத்து செய்யலாம் என்பதில் மூன்று பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குப் பதிலாக வேறு எண் போடுவதா என்பதில்தான் நீண்ட நேரம் போனது.

"கடைசியில் ஒரு எண் வேணுமே மேடம். நிர்வாகத்துக்கு நான் எதை அனுப்புறது?" என்றார் தலைமை ஆசிரியர்.

அவருடைய சிக்கல் நியாயமானதுதான். ஆனால் எந்த எண் போட்டாலும், பீரியடின் தொடக்கத்தில் போகும் ஒன்பது நிமிடத்தை வடிவியலில் பிள்ளைகள் காட்டிய திறமையால் கழித்துவிடும் கணக்காகத்தான் அது இருக்கும். முழுக்க வேறான மூன்று ஆதாரங்களைக் கூட்டினால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஒரு பத்தி, அதன் அடியில் ஆதாரம், கடைசியில் ஆசிரியரின் எழுத்துப்பூர்வமான பதில் என்று ஒரு அறிக்கை தயாரித்தோம்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரைத்தோம். ஒரு பருவம் நீட்டித்துப் பார்க்கலாம் என்று மூத்த ஆசிரியர் முதலில் சொன்னார். குறை மதிப்பீட்டு முறையில் இருக்கும்போது காத்திருக்கும் தண்டனை ஆசிரியருக்கு ஏன் என்று கேட்டதும் விட்டுவிட்டார். கண்ட மூன்று குறைகளில் எதுவும் வேலையை விட்டு அனுப்பும் அளவுக்கானது இல்லை. மூன்றுமே திருத்தக்கூடியவை.

அடுத்த பருவத்துக்கு மூன்று இலக்குகள் எழுதினோம், ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போடாமல். நான்கு நிமிடத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் வேலையில் இருப்பது. சொற்கணக்கு வந்தால், சமன்பாட்டைப் பிள்ளைகள் முதலில் தங்கள் நோட்டில் எழுதும் வரை ஆசிரியர் பலகைக்குப் போகாமல் இருப்பது. மதிப்பெண்ணைக் குறித்த நாளில் தருவது.

அறிக்கையைப் படித்த ஆசிரியர் சொற்கணக்கு விஷயத்தில்தான் நின்றார். "நான் எழுதுறேன்னு எனக்கே தெரியலை. நேரம் மிச்சம் பண்றேன்னு நினைச்சேன்" என்றார். தொடக்க நேரத்தைப் பற்றி அவருக்கு முழு உடன்பாடு இல்லை. நோட்டைத் திருப்பித் தரும்போது பிள்ளைகளோடு பேசும் அந்த நேரம்தான் தனக்கு முக்கியம் என்று பதிலில் எழுதினார். அதையும் அப்படியே இணைத்தோம்.

பிறகு நடந்தது

அடுத்த பருவத்தில் மறுபடி மூன்று முறை பார்த்தோம். இரண்டு முறை நான்கு நிமிடத்துக்குள் வேலை தொடங்கிவிட்டது. பலகையில் ஒரு கணக்கு, பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் வரிசை வரிசையாகப் போய் நோட்டைத் தந்து பேசினார். அவர் விட மனமில்லாதிருந்த பேச்சும் நின்றுவிடவில்லை. மூன்றாவது முறை பழையபடி எட்டு நிமிடம். அன்று இரண்டு வகுப்பு நோட்டும் ஒன்றாகக் கலந்துவிட்டதாம்.

தேர்வில் சொற்கணக்கில் வெற்று விடைகள் 175-க்கு 81 இருந்தது 38 ஆனது. இதில் ஒரு பங்கு வினாத்தாள் எளிதானதால் வந்திருக்கலாம், ஏனென்றால் 'அ' பிரிவிலும் 49 என்பது 41 ஆகியிருந்தது. ஆனால் அங்கே எட்டுக் குறைய, இங்கே 43 குறைந்ததை வினாத்தாள் மட்டும் விளக்காது.

வகுப்புச் சராசரி? 54-லிருந்து 56. முன்பு வெற்றாக விட்டவர்கள் இப்போது முயன்று, பாதி பேர் சமன்பாட்டைத் தவறாக எழுதியிருந்தார்கள். பழைய படிவம் இருந்திருந்தால் தேர்ச்சிப் பகுதியில் மறுபடி 22 அல்லது 23 தான் வந்திருக்கும், அந்தப் பருவத்தில் எதுவுமே நடக்காத மாதிரி.

மதிப்பெண் தாமதத்துக்குக் காரணம் விசாரித்தபோது, 'அ' பிரிவின் தாள்களையும் சேர்த்து 71 தாள்களையும் அவர் ஒருவரே இரண்டாம் முறை சரிபார்த்துவந்தது தெரிந்தது. வேலையைப் பிரித்துக் கொடுத்ததும் தாமதம் நின்றது.

எதிர்பாராத விளைவு வேறு இடத்தில் வந்தது. எங்கள் அறிக்கையில் 'அ' பிரிவின் எண்கள் பக்கத்திலேயே இருந்தன. பெயர் இல்லாவிட்டாலும் எட்டாம் வகுப்புக் கணிதத்துக்கு இருப்பதே இரண்டு பேர். அந்த ஆசிரியர் ஸ்டாஃப் ரூமில் தலைமை ஆசிரியரிடம், "என் வகுப்பைப் பார்க்கச் சம்மதிச்சது அவங்களுக்கு உதவட்டும்னுதான். என்னை ஏன் சார் தராசுல வச்சீங்க?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு பாதிப் பருவம் வரை, இரண்டு பிரிவுக்கும் பொதுவான வினாத்தாளின் வரைவை அவர் இவரிடம் காட்டவில்லை. முன்பு இருவரும் உட்கார்ந்து பேசித்தான் வினாத்தாள் தயாரிப்பார்கள். தலைமை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, அவருடைய வகுப்பைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு கொடுத்துப் பேசினார். அதில் அந்த நல்ல தொடக்கமும் இருந்தது, ஐந்து பிள்ளைகள் விஷயமும் இருந்தது. இரண்டாவதை அவர் ஏற்கவில்லை. ஆனால் வரைவு மறுபடி கைமாறத் தொடங்கியது.

மாற்ற வேண்டியவை

இணைப் பிரிவோடு ஒப்பிடுவது குழு தன் மேசைக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய வேலைத் தாள். முடிவு மட்டும் அறிக்கைக்குப் போனால் போதும். இரண்டு ஆசிரியர்களை ஒருவர் மேல் ஒருவராக வரிசைப்படுத்திக்கொண்டே, ஒத்துழைப்புக்கும் மதிப்பெண் போடும் எந்தப் படிவமும் தன் ஒரு கட்டத்தால் இன்னொரு கட்டத்தைக் கெடுக்கிறது.

தொடக்கநிலையை ஆண்டின் முதல் வாரத்திலேயே பதிந்து வைக்க வேண்டும். இந்தப் பள்ளியில் 'ஆ' பிரிவில் நடு ஆண்டில் சேர்ந்த ஆறு பேருக்குப் பழைய மதிப்பெண் எதுவும் இல்லை. 47 என்ற தொடக்கச் சராசரியில் அவர்கள் இல்லை, 54-ல் இருக்கிறார்கள். எங்கள் கணக்கில் அது ஒரு ஓட்டை. ஒரு சின்ன நுழைவுத் தேர்வு வைத்திருந்தால் அடைந்திருக்கும்.

வகுப்பைப் பார்க்கிறவரும் ஒப்பந்தத்தை முடிவு செய்கிறவரும் ஒரே ஆளாக இருப்பதை முடிந்தவரை தவிர்க்கலாம். அடுத்த பருவத்தில் நாங்கள் பார்க்கப் போனபோது ஆசிரியர் தன் சிக்கல்களைத் தானே சொல்லத் தொடங்கியதற்கு ஒரே காரணம், ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது.

கடைசியாக நேரம். மூன்று பீரியடுக்கு இரண்டு பேர், விடைத்தாள் எண்ணிக்கை, சக ஆசிரியர்களின் குறிப்பு, பேச்சு எல்லாம் சேர்த்து ஒரு ஆசிரியருக்குப் பன்னிரண்டு மணி நேரம் போனது. 42 பேருக்கு 500 மணிக்கு மேல். எந்தப் பள்ளியாலும் ஆண்டுதோறும் இது முடியாது. இப்போது பேசி வைத்திருப்பது, முழு மதிப்பீடு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, ஒப்பந்தம் முடிகிறவர்களுக்கு மட்டும் அந்த ஆண்டே. மற்ற ஆண்டுகளில் ஒரு முறை வகுப்பைப் பார்ப்பதும், ஒரு தேர்வின் வெற்று விடைகளை எண்ணுவதும். தலைமை ஆசிரியர் இதற்குச் சம்மதித்துவிட்டார். நிர்வாகத்தின் படிவத்தில் 'மொத்தம்' என்ற கட்டம் இன்னும் இருக்கிறது. அதில் கோடு போட்டு, "அறிக்கை இணைப்பில்" என்று எழுதி அனுப்புகிறார்கள். இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை.